300 விசிட்: ஒரு சி.ஆர்.ஏ. ரெஸ்யூமேயைப் படிக்கும் விதம்

இப்படி ஒரு ரெஸ்யூமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.ஃபார்ம் முடித்த இளைஞர். முதல் பக்கத்தின் மேலே தடித்த எழுத்தில், "4 ஆண்டு 2 மாத அனுபவமுள்ள கிளினிக்கல் ரிசர்ச் அசோசியேட்". அதற்குக் கீழே நான்கே வரிகள். முதல் கட்டத்திலிருந்து நான்காம் கட்டம் வரை எல்லா ஆய்வுகளிலும் அனுபவம். 22 மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட மானிட்டரிங் விசிட். டி.சி.ஜி.ஐ.க்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஆவணங்கள் சமர்ப்பித்த அனுபவம். படிவம் 44, சி.டி-04, 1572 ஆகியவற்றில் தேர்ச்சி. புற்றுநோய், நீரிழிவு, தடுப்பூசி, பயோஈக்விவலன்ஸ் என்று நோய்களின் வரிசை.

இது ஒரே ஆளின் ரெஸ்யூமே அல்ல. இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களின் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும் பலவற்றிலிருந்து நானே கோத்துக் கட்டியது. ஆனால் துறைக்காரர் யாரிடம் காட்டினாலும், "இவரைப் பார்த்திருக்கிறேனே" என்பார். இதைப் பார்த்ததும் ஓரமாக ஒதுக்கவும் கூடாது, நம்பி வேலை கொடுக்கவும் கூடாது. உள்ளே ஒரு நல்ல ஆள் இருக்கக்கூடும். அவரை வெளியே எடுப்பதற்குத்தான் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு மருந்து நிறுவனம் புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி வாங்குகிறது. சோதனை நடப்பது மருத்துவமனைகளில். துறையின் பேச்சில் அவை 'சைட்'. அங்கே பொறுப்பாளர் மருத்துவர், அவர்தான் இன்வெஸ்டிகேட்டர். அவருக்குக் கீழே நோயாளிகளை அழைத்து, தேதி குறித்து, தகவலைக் கணினியில் ஏற்றுபவர் கோஆர்டினேட்டர், சுருக்கமாக சி.ஆர்.சி. மருந்து நிறுவனத்தின் சார்பாகவோ, அது அமர்த்திய சி.ஆர்.ஓ. என்னும் ஒப்பந்த நிறுவனத்தின் சார்பாகவோ சில வாரங்களுக்கு ஒருமுறை வெளியிலிருந்து வந்து, நடந்ததெல்லாம் விதிப்படி நடந்ததா, கணினியில் ஏறிய எண்ணும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பவர்தான் சி.ஆர்.ஏ. 'மானிட்டர்' என்றும் சொல்வார்கள். சி.ஆர்.சி. மருத்துவமனைப் பக்கத்து ஆள், சி.ஆர்.ஏ. அவர் வேலையைச் சரிபார்க்க வரும் ஆள். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ரெஸ்யூமேக்களில் நடக்கும் பாதிக் குழப்பம் அந்த ஓர் எழுத்தில்தான்.

ஆகவே நான் முதல் பக்கத்தின் மேல்பாதியைப் படிப்பதில்லை. நேரே இரண்டாம் பக்கம் போய், எங்கே, எந்தப் பதவியில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற பகுதியைப் பார்ப்பேன். நம் ரெஸ்யூமேயில் அது இப்படி இருக்கிறது: 2021 ஜூன் முதல் 2023 ஜனவரி வரை கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சி.ஆர்.சி. 2023 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை பெங்களூரில் ஒரு சி.ஆர்.ஓ.வில் கிளினிக்கல் டிரயல் அசிஸ்டென்ட். 2024 ஜனவரி முதல் 2025 ஜூலை வரை அதே இடத்தில் சி.ஆர்.ஏ. முதலில் 20 மாதம், அடுத்து 11, பிறகு 19. கூட்டினால் 50 மாதம், அதாவது 4 ஆண்டு 2 மாதம். கணக்கு சரிதான். ஆனால் அதில் மானிட்டர் வேலை 19 மாதம் மட்டுமே. அசிஸ்டென்ட் என்பவர் அலுவலகத்தில் இருந்து கோப்புகளைச் சேர்ப்பவர். சைட்டுக்குத் தனியாகப் போவதில்லை.

அந்த 19 மாதமும் முழுதாகத் தேறாது. புதிய சி.ஆர்.ஏ.வை முதல் நாளே தனியாக அனுப்ப மாட்டார்கள். பயிற்சி முடிய வேண்டும். மூத்தவர் ஒருவருடன் சில விசிட்டுகள் கூடப் போக வேண்டும். பிறகு மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்க இவர் நடத்த வேண்டும். "இனித் தனியாகப் போகலாம்" என்று மேலாளர் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் என்று தாராளமாக வைத்தாலும், தனியாக மானிட்டரிங் செய்தது 16 மாதம்.

இப்போது அந்த 300-க்கு வருவோம். 300-ஐ 16-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 18 விசிட்டுக்கு மேல் வருகிறது. மாதத்தில் வேலை நாளே 21 அல்லது 22. ஒரு விசிட் என்பது கதவைத் தட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதல்ல. போவதற்கு முன் பழைய ரிப்போர்ட், நிலுவையில் உள்ள பிரச்சினைகள், கணினியில் புதிதாக ஏறிய தகவல் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். சைட்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ உட்கார வேண்டும். திரும்பி வந்து, நிறுவனத்தின் விதி சொல்லும் கெடுவுக்குள் விசிட் ரிப்போர்ட்டும் மருத்துவருக்குக் கடிதமும் எழுத வேண்டும். பயணம் தனி. இப்படிப் பார்த்தால் மாதத்துக்கு 6 முதல் 8 விசிட் என்பதே ஓடி உழைக்கும் ஒருவரின் அளவு. 16 மாதத்துக்குச் சராசரி 7 என்று வைத்தால் 112.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது? பொய் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. சிலர் தொலைபேசியில் பேசியதையும், வீட்டிலிருந்தே கணினியில் பார்த்ததையும் விசிட்டாக எண்ணுவார்கள். சிலர் கோஆர்டினேட்டராக இருந்த நாளில் தங்கள் மருத்துவமனைக்கு மற்ற மானிட்டர்கள் வந்த விசிட்டுகளையும் சேர்த்துவிடுவார்கள். அந்த அறையில் அவரும் இருந்தார் என்பது உண்மைதானே. 22 சைட் என்ற கணக்கும் அப்படித்தான் வீங்கியிருக்கும். கேட்க வேண்டியது இதைத்தான்: "நேரில், தனியாக, உங்கள் பெயரில் ரிப்போர்ட் எழுதிய விசிட் எத்தனை?" நேர்மையான ஆள் இங்கே சற்று நிதானித்து எண்ணைக் குறைத்துக்கொள்வார். 300 என்பதை விட்டு நகராதவரிடம் வேறு கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். என்னைக் கேட்டால், முதலிலேயே "110" என்று எழுதியிருந்தால் இந்த ரெஸ்யூமேயின் மதிப்பு இரண்டு மடங்காகியிருக்கும்.

எண்ணிக்கையைவிட விசிட்டின் வகையும் ஒன்று சொல்லும். சைட்டைத் தேர்ந்தெடுக்கப் போவது ஒன்று, ஆய்வைத் தொடங்கிவைக்கப் போவது ஒன்று, நடுவில் வழக்கமாகப் போவது ஒன்று, கடைசியில் கணக்கை முடித்து மூடப் போவது ஒன்று. பெரிய ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் ஓடும். 16 மாதமே வேலை செய்தவர் ஒரே சைட்டைத் தேர்ந்தெடுத்து, தொடங்கி, நடத்தி, மூடியதாகவும் சொன்னால் அது குறுகிய ஆய்வாக இருந்திருக்க வேண்டும், அல்லது நோயாளியே சேராமல் மூடப்பட்ட சைட்டாக இருக்க வேண்டும். இரண்டும் நடக்கக்கூடியதே. நோயாளி சேராத சைட்டை மூடினேன் என்று வெட்கமில்லாமல் சொல்பவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது கட்டங்கள். "முதல் கட்டம் முதல் நான்காம் கட்டம் வரை" என்பது இந்த ரெஸ்யூமேயிலேயே மிகக் குறைவாகப் பேசும் வரி. முதல் கட்டத்தில் மருந்து முதன்முறையாக மனித உடலுக்குள் போகிறது. சில பத்து பேர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் நூறு, இருநூறு பேரிடம் மருந்து வேலை செய்கிறதா, எந்த அளவில் என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் பல நூறு, சில ஆயிரம் பேர், பல நாடுகள். பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவது இங்கேதான். நான்காம் கட்டம் மருந்து விற்பனைக்கு வந்த பிறகு நடப்பது.

முதல் கட்டம் எவ்வளவு வேறுபட்டது என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்ததே போதும். டி.ஜி.என்.1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பது அதன்பின் வலியுறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வில் மானிட்டராக இருந்தவர், அடுத்த அளவுக்குப் போகலாம் என்று யார், எதைப் பார்த்து, எப்போது முடிவு செய்தார்கள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

நம் ஆள் சொல்ல மாட்டார். காரணம், அவர் முதல் கட்டம் என்று எழுதியது பயோஈக்விவலன்ஸ் ஆய்வை. அதுவும் ஆரோக்கியமானவர்களிடம்தான் நடக்கிறது, அதனால் இந்தக் குழப்பம். ஆனால் அது காப்புரிமை முடிந்த ஒரு மருந்தின் நகல், மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் கலக்கிறதா என்று பார்ப்பது. இந்தியாவில் அதற்கான அனுமதிப் படிவமே வேறு. நோயாளிகளிடம் நடக்கும் ஆய்வுக்கு சி.டி-04-இல் விண்ணப்பித்து சி.டி-06-இல் அனுமதி பெறுகிறார்கள். பயோஈக்விவலன்ஸ் ஆய்வுக்கு சி.டி-05-இல் விண்ணப்பம், சி.டி-07-இல் அனுமதி. இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டில் கண்டுபிடித்த மருந்துக்கு, அங்கே நடந்த முதல் கட்டத் தகவலைக் கொண்டுவந்த பிறகுதான் இங்கே அதைத் திரும்பச் செய்யவோ அடுத்த கட்டத்துக்குப் போகவோ அனுமதிப்பது நம் விதி. எனவே இங்கே உண்மையான முதல் கட்ட அனுபவம் உள்ளவர் குறைவு. அது இல்லை என்பது குறையே அல்ல.

கட்டத்தைப் பற்றி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மூன்றாம் கட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது புது மருந்து, எது ஒப்பீட்டு மருந்து என்று தெரியக் கூடாது. சில ஆய்வுகளில் இரண்டும் பார்வைக்கே வேறாக இருக்கும்; கலக்கும் ஃபார்மசிஸ்ட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த மருந்துக் கணக்கை யார் சரிபார்த்தார்கள்? "நான்தான்" என்று பெருமையோடு சொன்னால் சிக்கல். அதற்கென்று உண்மை தெரிந்த தனி மானிட்டர் வருவார். நோயாளியின் தகவலைப் பார்க்கும் மானிட்டர் அந்த ஃபார்மசி கோப்பைத் தொடவே கூடாது. "அதை வேறொருவர் பார்த்தார், என்னை உள்ளே விடவில்லை" என்பதுதான் அங்கே வேலை செய்தவரின் பதில்.

சொன்னதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஆள் எடுப்பவர்களில் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மத்தியப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேடு 2009 ஜூன் முதல் கட்டாயம். ctri.nic.in என்ற முகவரியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த நோய், எந்தக் கட்டம், எந்தெந்த மருத்துவமனை, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எப்போது என்று எல்லாம் அங்கே இருக்கும். விண்ணப்பதாரர் நிறுவனத்தின் பெயரையோ ஆய்வு எண்ணையோ சொல்லத் தேவையில்லை. ரகசிய ஒப்பந்தம் அவரைக் கட்டும். நோய், கட்டம், ஆண்டு, ஊர் இந்த நான்கும் போதும். 2024-இல் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மூன்றாம் கட்ட நீரிழிவு ஆய்வு என்றால் பதிவேட்டில் அதற்குப் பொருந்தும் ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் இவர் அதில் இருந்தார் என்று ஆகாது. இல்லாவிட்டால் கேள்வி எழும்.

ரகசியம் என்றதும் ஒன்று. நேர்காணலில் சிலர் ஆர்வத்தில் கைபேசியை எடுத்து, "இதோ பாருங்க சார், நான் எழுதின ரிப்போர்ட்" என்று காட்டுவார்கள். வேலை தெரிந்தவர் என்பதற்கு அது சான்றாக இருக்கலாம். ஆனால் பழைய நிறுவனத்தின் ஆவணத்தை வெளியே கொண்டுவந்தவர் நம் ஆவணத்தையும் கொண்டுபோவார். அத்தோடு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான்.

இனி ஆவணங்கள். நம் ரெஸ்யூமேயில் கண்ணை உறுத்துவது படிவம் 44. பழைய விதிப்படி புதிய மருந்துக்கும் ஆய்வுக்கும் விண்ணப்பித்த படிவம் அது. 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் வந்ததும் சி.டி. வரிசைப் படிவங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இவர் வேலைக்குச் சேர்ந்ததே 2021 ஜூனில். பழைய ஆய்வு ஒன்றின் கோப்பில் படிவம் 44-இன் நகலை இவர் பார்த்திருக்கலாம். அதில் விண்ணப்பம் தயாரித்திருக்க முடியாது. யாரோ சீனியரின் ரெஸ்யூமேயிலிருந்து வரி அப்படியே இறங்கியிருக்கிறது.

சி.டி-04-ம் இவர் கைவேலை அல்ல. அதைத் தயாரித்து மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 'சுகம்' இணையதளத்தில் ஏற்றுவது பொதுவாக ரெகுலேட்டரி பிரிவு. சி.ஆர்.ஏ. அதற்காக மருத்துவரின் பயோடேட்டா, பதிவுச் சான்றிதழ், கையெழுத்திட்ட உறுதிமொழி இவற்றைச் சைட்டிலிருந்து வாங்கித் தருவார். 1572 என்பது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. படிவம்; அந்நாட்டு அனுமதியின் கீழ் நடக்கும் ஆய்வுகளுக்கு மட்டும் மருத்துவர் கையெழுத்திடுவது. அதை மருந்து நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும். "1572-ஐ எஃப்.டி.ஏ.க்கு நான் அனுப்பினேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சமர்ப்பித்தார், சேகரித்தார், சரிபார்த்தார் என்ற மூன்று வினைகளில் எது என்று ரெஸ்யூமே சொல்ல வேண்டும். சி.ஆர்.ஏ.வுக்கு உரியது பெரும்பாலும் பின்னிரண்டும்தான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் சரிபார்ப்பதுதான் கடினம்.

எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். புதியவர் அதில் "அனுமதிக்கப்பட்டது" என்ற சொல்லைத் தேடிக் கோப்பில் போட்டுவிடுவார். வேலை தெரிந்தவர் ஒவ்வொரு வரியாகப் போவார். கூட்டத்தில் குறைந்தது ஐந்து பேர் இருந்தார்களா? அந்த ஐந்தில் மருத்துவ விஞ்ஞானி, சிகிச்சை அளிக்கும் மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவர், பொதுமக்களில் ஒருவர் என்று விதி கேட்கும் வகைகள் எல்லாம் வந்தனவா? ஆய்வை நடத்தும் மருத்துவரே கமிட்டியிலும் உறுப்பினராக இருந்தால், முடிவெடுக்கும்போது அவர் விலகியிருந்தார் என்று எழுதியிருக்கிறதா? கமிட்டியின் அரசுப் பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். கூட்டம் நடந்த நாளில் அது உயிரோடு இருந்ததா? மருத்துவமனைக்குச் சொந்தக் கமிட்டி இல்லாமல் வேறு இடத்துக் கமிட்டியைப் பயன்படுத்தினால், அது அதே ஊரிலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கிறதா?

கடைசியாகப் பதிப்பு எண். கடிதத்தில் "தமிழ் ஒப்புதல் படிவம், பதிப்பு 2.0" என்று இருக்கும். சைட்டில் நோயாளிகள் கையெழுத்திட்டிருப்பது 2.1-ஆக இருக்கும். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையைத் திருத்தி 2.1 என்று அச்சிட்டிருப்பார்கள். கமிட்டிக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். ஒரு புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்தான். ஆனால் அந்த நோயாளிகள் எல்லாரும் கமிட்டி பார்க்காத தாளில் சம்மதம் கொடுத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். எல்லாரையும் மறுபடி அழைத்து விளக்க வேண்டிவரும். கமிட்டிக்கு எழுத வேண்டும். விலகலாகப் பதிய வேண்டும். "அனுமதிக் கடிதத்தில் நீங்கள் கண்டுபிடித்த தவறு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால், இதுபோல ஒன்றாவது சொல்பவருக்கு ரெகுலேட்டரி ஆவணங்களில் அனுபவம் உண்டு. படிவ எண்களை ஒப்பிப்பவருக்கு இல்லை.

மானிட்டரிங் பற்றிய கேள்வியும் அதே மாதிரிதான். நம் ஆளிடம் இப்படிக் கேட்டேன் என்று வையுங்கள்:

"நீங்களே கண்டுபிடிச்ச ஒரு விஷயம் சொல்லுங்க. பெரிசா இருக்கணும்னு இல்ல."

"சார், ஒரு பேஷன்ட் கன்சென்ட் 10.30-க்கு சைன் பண்ணியிருந்தார். லேப் ரிப்போர்ட்ல பிளட் கலெக்‌ஷன் டைம் 9.15-னு இருந்தது. அதே நாள்."

"அதுக்கென்ன?"

"சம்மதம் குடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்கிரீனிங் பிளட் எடுத்துட்டாங்க சார். கோஆர்டினேட்டர்கிட்ட கேட்டேன். பேஷன்ட் வெறும் வயித்தோட வந்திருந்தார், டாக்டர் ஓ.பி.ல இருந்தார், அதனால முதல்ல பிளட் எடுத்துட்டோம்னு சொன்னாங்க."

"என்ன செஞ்சீங்க?"

"ரிப்போர்ட்ல விலகல்னு எழுதினேன். டாக்டர்கிட்ட அன்னைக்கே பேசினேன். எத்திக்ஸ் கமிட்டிக்கு அவங்க தெரியப்படுத்தினாங்க. அதுக்கு முன்னாடி சேர்ந்த பேஷன்ட்ஸ் எல்லாருக்கும் ரெண்டு டைமையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் ஒருத்தர் அப்படி இருந்தார்."

கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகவே இந்த வேலையைக் கொடுக்கலாம். தவறை ஒன்று கண்டதும் நிற்காமல், அதே தவறு வேறு எங்கே இருக்கும் என்று தேடுவது புத்தகத்தில் படித்து வருவதில்லை. இவர் 20 மாதம் கோஆர்டினேட்டராக இருந்தபோது, வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். நெரிசலில் எந்தப் படி தவறும் என்று இவருக்குத் தெரியும். ரெஸ்யூமேயில் எதை மானிட்டர் அனுபவத்துக்குள் போட்டு மறைக்கப் பார்த்தாரோ, அதுதான் இவருடைய பலம்.

இதுபோன்ற பதில் வராவிட்டால் வேறு பக்கத்திலிருந்தும் கேட்கலாம். தினம் ஒரு மாத்திரை, 30 கொடுத்தாகிவிட்டது, நோயாளி 28 நாள் கழித்து வந்து 9-ஐத் திருப்பித் தருகிறார், என்ன எழுதுவீர்கள்? இரண்டு மிஞ்சியிருக்க வேண்டும், ஒன்பது இருக்கிறது. ஏழு நாள் சாப்பிடவில்லை. 28-க்கு 21, அதாவது 75 சதவீதம். அதைச் சொல்லிவிட்டு, "கேஸ் ஷீட்டில் 'ஒழுங்காகச் சாப்பிட்டார்' என்று இருக்கிறதா என்று பார்ப்பேன்" என்று சேர்ப்பவர் மானிட்டர். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைத் தாளில் மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட, தினமும் சரியாக 4.0 டிகிரி என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தால்? 2-க்கும் 8-க்கும் நடுவில்தான் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்பவர் தாளைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து எழுதினார்கள் என்று கேட்பவர் வேலையைப் பார்க்கிறார். நம் நாட்டு ஒப்புதல் படிவத்தில் நோயாளியின் தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் ஆகியவையும் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீட்டுக்கு இவை தேவைப்படும். நாமினி கட்டம் காலியாக இருப்பது சைட்களில் சாதாரணமாகக் கிடைக்கும் குறை. அதைக்கூடச் சொல்லாதவர் ஒப்புதல் படிவங்களைப் புரட்டிப் பார்த்ததில்லை.

கடுமையான பாதிப்பு பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். நோயாளி ஆய்வின்போது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டாலோ இறந்தாலோ, மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய அதிகாரிக்கும் மருந்து நிறுவனத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆராய்ந்து எழுதிய அறிக்கையை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எனவே எண்ணைக் கேட்காமல், "தெரிவிக்கப்படாத ஒன்றை எங்கே தேடுவீர்கள்?" என்று கேட்க வேண்டும். மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்த விசிட்டில் புதிதாகச் சேர்ந்த ஆன்டிபயாடிக் என்று பதில் வந்தால் போதும்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மென்பொருள் பெயர்களின் பட்டியல் எதையும் நிரூபிப்பதில்லை. எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஜி.சி.பி. பயிற்சிச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். அந்த வழிகாட்டுதலின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. 2021-இல் எடுத்த சான்றிதழோடு நிற்பவரிடம் புதியதைப் படித்தீர்களா என்று கேட்கலாம். அனுபவச் சான்றிதழைப் பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் நேராகக் கேட்டு உறுதிசெய்யாமல் யாரையும் எடுக்கக் கூடாது. விண்ணப்பதாரர் கொடுக்கும் கைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்வது உறுதிசெய்வதே அல்ல. தனியாக மானிட்டரிங் செய்யலாம் என்று மேலாளர் கையெழுத்திட்ட தேதியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள், சி.ஆர்.ஏ.வின் உண்மையான அனுபவம் அந்தத் தேதியிலிருந்துதான்.

ரெஸ்யூமேக்கள் இப்படி வீங்குவதில் விண்ணப்பதாரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தொடக்கநிலை வேலைக்கான விளம்பரத்திலேயே "இரண்டு ஆண்டு தனி மானிட்டரிங் அனுபவம், எல்லாக் கட்டங்களும்" என்று போட்டால், 16 மாதக்காரர் என்ன செய்வார்? கேட்டதை எழுதித் தருகிறார். அப்படி எழுதியவர்களையே வடிகட்டிக்கொண்டு, நேராக எழுதியவரைக் கணினியே தள்ளிவிடும்படி வைத்திருப்பது நிறுவனங்கள்தான்.

நம் ஆளுக்கு வருவோம். சி.ஆர்.ஏ. இரண்டாம் நிலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். 16 மாதத் தனி மானிட்டரிங், ஏறத்தாழ 110 விசிட், மூன்றாம் கட்ட நீரிழிவு ஆய்வில் உறுதியான பிடி, முதல் கட்டம் இல்லை, அரசுக்கு விண்ணப்பித்த அனுபவம் இல்லை, சைட்டிலிருந்து ஆவணம் சேகரித்துச் சரிபார்த்த அனுபவம் உண்டு, 20 மாத மருத்துவமனை அனுபவம் உண்டு. இது முதல் நிலைக்கு நல்ல ஆள். ஓராண்டில் இரண்டாம் நிலைக்கு உயர்த்தலாம். 300-ஐயும் படிவம் 44-ஐயும் நேரில் கேட்டபோது ஒப்புக்கொண்டால் எடுத்துக்கொள்வேன். சமாளித்தால் எடுக்க மாட்டேன்; நாளை சைட்டில் காலியாக இருக்கும் நாமினி கட்டத்தையும் அவர் அப்படியே சமாளித்துவிடுவார்.